மணி மாறியது... மடி மாறவில்லை!

ஆண்டுக்கு இரண்டு முறை ஐரோப்பா கடிகாரத்தைத் திருப்புகிறது. கறவை மாட்டுக்கு அந்தச் சேதி போய்ச் சேருவதில்லை. நடுவில் நின்று சமாளிப்பது பண்ணைக்காரர் பாடு.

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. தெற்கு ஜெர்மனியில் ஆல்ப்ஸ் மலைக்கு அடிவாரத்தில் இருக்கும் ஆல்கோய் வட்டாரம். கெம்ப்டன் நகரத்தைத் தாண்டினால் ஒரு மேடு, ஒரு புல்வெளி, ஒரு பண்ணை, மறுபடியும் ஒரு மேடு என்று நிலம் போய்க்கொண்டே இருக்கும். அப்படியொரு பண்ணையில் மணி விடிகாலை 4. வெளியே கும்மிருட்டு. சூரியன் தலைகாட்ட இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. கறவை 5 மணிக்குத்தான்.

கொட்டகையிலோ பாதி மாடுகள் எழுந்து நிற்கின்றன. கறவைக்கூடத்தின் கேட்டை ஒட்டிப் பழுப்பு நிற மாடுகள் எட்டுப் பத்து நெருக்கியடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. எல்லாம் நிறையக் கறப்பவை. ஒன்று கழுத்தை நீட்டிக் கத்துகிறது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து கன்றுகள் பதில் கொடுக்கின்றன. கேட்டில் முதலாவதாக நிற்கும் மாட்டின் பின்காம்பிலிருந்து பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது.

நேற்று இதே வேளையில் மணி 5. கறவை இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. இரவு 3 மணி ஆனதும் கடிகாரத்தை 2 மணிக்குத் திருப்பி வைத்துவிட்டார்கள். கோடை நேரம் முடிந்தது, குளிர்கால நேரம் தொடங்கியது. மனிதர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். மாட்டுக்கு அது 13 மணி நேரமாகக் கறக்காத மடி.

ஒரு மணி நேரத்தின் எடை

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு பண்ணையில் 60 கறவை மாடுகள் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுக்கு நாளொன்றுக்கு 24 லிட்டர். ஐரோப்பியக் கணக்கில் இது பெரிய கறவை இல்லை. காலை 5, மாலை 5 என்று இரண்டு கறவை. பால் கறக்கும்போது மட்டும் ஊறுவதல்ல. மடிக்குள் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதனால் மாட்டுக்கு மணிக்கு 1 லிட்டர், பண்ணைக்கு மணிக்கு 60 லிட்டர்.

வழக்கமான கறவையில் 720 லிட்டர் வரும். அக்டோபர் ஞாயிறு காலை, கடிகாரத்தை நம்பி 5 மணிக்கே கறந்தால் இடைவெளி 13 மணி நேரம், 780 லிட்டர். மார்ச் கடைசி ஞாயிறில் இது தலைகீழ். இரவு 2 மணி நேராக 3 ஆகிவிடுவதால், காலை 5 மணி என்பது மாட்டுக்கு 4 மணி. இடைவெளி 11 மணி நேரம், 660 லிட்டர். அன்று காலை தொட்டியின் அளவுகோலைப் பார்க்கிறவருக்கு 60 லிட்டரை யாரோ திருடிப் போனது போலத் தெரியும். ஆனால் பால் எங்கும் போகவில்லை. அதற்கடுத்த கறவையிலிருந்து இடைவெளி மறுபடி 12 மணி நேரமாகிவிடுகிறது. மாதக் கடைசியில் பால் பணத்தில் இதனால் பெரிய ஓட்டை விழுவதில்லை. 'நேர மாற்றத்தால் பால் குறைகிறது' என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுவதில் பாதி இந்த ஒற்றைக் கறவையைப் பார்த்து எழுதியதுதான்.

அப்படியானால் சிக்கலே இல்லையா? இருக்கிறது. அது லிட்டர் கணக்கில் தெரிவதில்லை.

சுரப்பு விடும் நேரம்

நம் ஊரில் கன்றை ஊட்டவிட்டு, மாடு சுரப்பு விட்டதும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மடியில் இருக்கும் பாலில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் காம்புக்கு மேலே இருக்கும் குழிவில் தயாராக நிற்கும். மீதியெல்லாம் மேலே, நுண்ணிய சுரப்பிப் பைகளுக்குள். அதை யாரும் இழுத்து எடுக்க முடியாது. மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கி வந்து அந்தப் பைகளைப் பிழிய வேண்டும். காம்பைத் தொட்டுத் துடைத்த பிறகு இதற்கு ஒன்று ஒன்றரை நிமிடம் ஆகும். அதன் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். மாடு மிரண்டாலோ வலித்தாலோ அட்ரினலின் குறுக்கே வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். பாலை அடக்கிக்கொண்டது என்று நாம் சொல்வது இதைத்தான்.

கைபட்டால்தான் இந்த ஹார்மோன் வரும் என்பதில்லை. கறவை மெஷின் ஓடும் சத்தம், தீவன வண்டியின் சத்தம், தினமும் ஒரே வேளையில் நடக்கும் நடமாட்டம் ஆகியவற்றுக்கும் மாடு பழகிப்போகிறது. அக்டோபர் ஞாயிறு விடிகாலையில் காம்பில் பால் சொட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். மடி நிறைந்திருக்கிறது, பழகிய வேளையும் வந்துவிட்டது. ஆள் மட்டும் வரவில்லை. சொட்டுகிற பால் வீணாவது பெரிய விஷயமல்ல. சொட்டுகிற காம்பு என்றால் திறந்த காம்பு. அந்த மாடு சலித்துப்போய்ச் சாணி ஈரத்தில் படுத்துவிட்டால், கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும். மடிநோய்க்கு அது போதும்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 10 மணி நேரம், 14 மணி நேரம் என்று ஏற்றத்தாழ்வான இடைவெளியில் ஆண்டு முழுவதும் கறக்கும் பண்ணைகள் ஏராளம். அங்கெல்லாம் மாடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் 13 மணி நேரம் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. தொல்லை, பழகாத நாளில் அது வருவதுதான். அதுவும் எல்லா மாட்டுக்கும் அல்ல. கன்று போட்டு ஆறேழு வாரமாகி, நாளைக்கு 40 லிட்டர் கறக்கும் மாட்டுக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் உறைக்கும்.

மார்ச் மாதத்தின் தொல்லை வேறு வகை. அது குறைவாகக் கறக்கும், வற்றப்போகும் மாடுகளைப் பிடிக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்து ரூப்பர்ட் புருக்மையர் பால் சுரப்பு விடுவதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். மடி எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு தாமதமாகச் சுரப்பு விடும் என்பது அவருடைய ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். நிறைந்த மடிக்கு ஒரு நிமிடம் போதும். பாதி மடிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். மார்ச் ஞாயிறு காலை, அரைத் தூக்கத்தில் எழுப்பி ஓட்டி வந்த மாட்டுக்கு, பண்ணைக்காரரும் அரைத் தூக்கத்தில், வழக்கமான வேகத்தில் துடைத்துவிட்டுக் குழல்களை மாட்டுகிறார். குழிவில் இருந்த கொஞ்சம் பால் வந்து நின்றுவிடுகிறது. மேலே இருக்கும் பால் இன்னும் இறங்கவில்லை. நடுவில் இருக்கும் அரை நிமிடம், ஒரு நிமிடம், இயந்திரம் வெறும் காம்பைத்தான் உறிஞ்சுகிறது. மாடு காலை உதறுகிறது, குழலைத் தட்டிவிடுகிறது.

> எப்படிக் கண்டுபிடிப்பது?
>
> நேரம் மாறிய வாரத்தில் அனுபவப்பட்ட கறவைக்காரர்கள் கவனிப்பவை இவை. கறவைக்கூடத்துக்குள் வந்ததும் வழக்கத்தைவிட அதிகமாகச் சாணி போடுவது பதற்றத்தின் அடையாளம். பால் வந்து, நின்று, மறுபடி வந்தால் குழலைச் சீக்கிரம் மாட்டிவிட்டோம் என்று பொருள். படுக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் எந்த மாடு ஒழுகவிட்டது என்று தேட வேண்டும். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் தட்டு வைத்த கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தால் திரி திரியாக இருப்பது தெரிந்துவிடும். அதுவும் தப்பினால் அடுத்த மாதிரிச் சோதனையில் பாலில் உள்ள செல்களின் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு மில்லிலிட்டருக்கு 4,00,000.

டேங்கர் லாரிக்குத் தெரிந்த நேரம்

இவ்வளவு தொல்லை எதற்கு, மாட்டின் நேரத்துக்கே கறந்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். மாட்டை மட்டும் வைத்துப் பண்ணை நடத்த முடிந்தால் அப்படியே செய்துவிடலாம். ஆனால் பால் வாங்கும் டேங்கர் லாரி கடிகாரப்படி வருகிறது. சம்பளத்துக்கு வரும் ஆள் கடிகாரப்படி வருகிறார். பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து, சினை ஊசி போட வருபவர், மருத்துவர், தீவன லாரி எல்லாமே கடிகாரம். மாடு சூரியனையும் தன் வயிற்றையும் பார்க்கிறது. இரண்டு பக்கமும் முட்டும் இடம் பண்ணையின் பல்க் கூலர்.

கறந்த பால் 35 டிகிரிச் சூட்டில் வருகிறது. ஐரோப்பிய விதிப்படி, தினமும் பால் எடுக்கும் பண்ணையில் அதை 8 டிகிரிக்கும், தினமும் எடுக்காத பண்ணையில் 6 டிகிரிக்கும் உடனே குளிர்விக்க வேண்டும். நடைமுறையில் எல்லோரும் 4 டிகிரியை நோக்கித்தான் கூலரை வைப்பார்கள். பால் ஏற்றும் முன் ஓட்டுநர் வெப்பநிலையைப் பார்க்கிறார், மாதிரி எடுக்கிறார்.

நம் 60 மாட்டுப் பண்ணையில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை 9 மணிக்கு லாரி வருவதாகக் கொள்வோம். 5 மணிக்குக் கறவை தொடங்கி 6.45-க்கு முடியும். லாரி வருவதற்குள் பால் குளிர்ந்துவிடும். மார்ச் ஞாயிறன்று 'மாடு தூங்கட்டும், பழைய நேரத்துக்கே கறப்போம்' என்று முடிவெடுத்தால் கறவை முடிவது புதிய கணக்கில் 7.45. குளிர்விக்க இருந்த அவகாசம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. தொட்டியில் இருக்கும் இரண்டு நாள் குளிர்ந்த பாலோடு இளஞ்சூடான பால் கலந்து மொத்தமும் வரம்புக்கு மேலே நின்றால் லாரி பாலை ஏற்றாமல் போக வாய்ப்புண்டு. அதைவிட ஒருநாள் மாட்டை எழுப்புவதே மேல் என்று பெரும்பாலானவர்கள் நினைப்பதில் தவறில்லை.

அக்டோபரில் குளிர்விக்க நேரம் தாராளம், கொள்ளளவு இடிக்கிறது. இரண்டு நாளுக்கு நான்கு கறவை, 2,880 லிட்டர். கூலர் 2,900 லிட்டர் பிடிக்கும். நேரம் மாறும் வாரத்தில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே 48 மணி நேரத்துக்குப் பதில் 49 மணி நேரம். பால் 2,940 லிட்டர். 40 லிட்டருக்கு இடமில்லை. வாளியில் பிடித்துக் கன்றுகளுக்குக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் ஆள் குறைவான ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

பத்துப் பத்து நிமிடமாக

பழைய கை வைத்தியம் ஒன்று உண்டு. இன்றும் அதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. ஒரே நாளில் ஒரு மணி நேரத்தை மாற்றாமல், ஆறு நாளில் பத்துப் பத்து நிமிடமாக நகர்த்துவது. மார்ச் மாதத்தில் முந்தின செவ்வாய்க்கிழமை தொடங்கினால் கறவை 4.50-க்கு. புதன் 4.40, வியாழன் 4.30, வெள்ளி 4.20, சனி 4.10. ஞாயிறன்று பழைய 4 மணி, புதிய 5 மணி. மாடு எந்த நாளிலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஏமாறுவதில்லை.

ஏமாறுவது மனிதர்கள். சனிக்கிழமை 4.10-க்குக் கறவை என்றால் 3.45-க்கு எழ வேண்டும். வேலைக்கு வரும் ஆள் 'என் நேரம் 5 மணி' என்பார். அதனால் சற்றுச் சூட்சுமமான வழி ஒன்று இருக்கிறது: மூன்று நாள் நகர்த்தலை மாற்றத்துக்கு முன்பும், மூன்று நாளை அதற்குப் பின்பும் வைத்துக்கொள்வது. ஞாயிறு காலை கறவை புதிய கணக்கில் 5.30. புதன்கிழமை 5 மணிக்கு வந்து சேர்ந்துவிடும். எந்த நாளிலும் கடிகாரத்துக்கும் கறவைக்கும் உள்ள இடைவெளி அரை மணி நேரத்தைத் தாண்டாது. அரை மணி நேரத்தை லாரியும் தாங்கும், ஆளும் தாங்குவார்.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் தீவனம். கறவையைப் பத்துப் பத்து நிமிடமாக நகர்த்துவார்கள். தீவனம் போடும் வண்டியை ஓட்டுகிறவர் வேறு ஆளாக இருந்தால், அவர் ஞாயிறன்று ஒரேயடியாக ஒரு மணி நேரம் தாவிவிடுவார். மாட்டின் உடலில் நேரம் காட்டுவது வெளிச்சம் மட்டுமல்ல, தீவனமும்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெவின் ஹார்வட்டீன் குழுவினர் பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறார்கள். காலையில் பாலின் அளவு அதிகம், மாலையில் கொழுப்பின் விழுக்காடு அதிகம் என்ற தினசரி ஏற்ற இறக்கம் மடிக்கே உண்டு. தீவனம் போடும் வேளையை மாற்றினால் அந்த ஏற்ற இறக்கமும் இடம் மாறுகிறது. கறவை ஒரு பக்கம், தீவனம் இன்னொரு பக்கம் இழுத்தால் மாடு எதற்குப் பழகும்?

வெளிச்சத்திலும் இதே கதை. குளிர்காலத்தில் கொட்டகையில் 16 மணி நேரம் விளக்கெரித்து 8 மணி நேரம் இருட்டாக வைத்தால் கறவை நாளைக்கு இரண்டு லிட்டர் வரை கூடுகிறது என்பதால் பலர் விளக்குக்கு டைமர் பொருத்தியிருக்கிறார்கள். அந்த டைமருக்குத் தானாக நேரம் மாறும் வசதி இருக்கிறதா, இல்லையா என்பதே பலருக்கு நினைவிருக்காது. கோழிப்பண்ணைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சன்னல் இல்லாத முட்டைக்கோழிக் கொட்டகையில் விளக்குதான் சூரியன். டைமரைத் தொடாமல் விட்டுவிட்டால் கோழிக்கு எதுவுமே நடக்கவில்லை. முட்டை பொறுக்க வருகிறவர் மட்டும் ஒரு மணி நேரம் முன்பின் ஆக வேண்டும்.

ஆண்டு முழுவதும் குளிர்கால நேரத்திலேயே மாட்டை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் 5-க்கு 5, கோடையில் 6-க்கு 6. மாட்டுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் கோடையில் மாலைக் கறவை முடிந்து, கழுவிவிட்டு வீட்டுக்குள் வரும்போது இரவு எட்டரை. ஊர்த் திருவிழா, பிள்ளையின் கால்பந்து, கூட்டுறவுச் சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் முழுக்கு.

> ரோபோவுக்கும் ஒரு சிக்கல்
>
> 1992-ல் நெதர்லாந்தில் முதல் கறவை ரோபோ வணிகரீதியாக வேலைக்கு வந்தது. ரோபோ உள்ள பண்ணையில் மாடு தனக்குத் தோன்றும்போது தானே வந்து நிற்கிறது, நாளைக்கு இரண்டு மூன்று முறை கறந்துகொண்டு போகிறது. நேர மாற்றம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மாட்டுக்குத்தான் பொருட்டல்ல, கணினிக்கு உண்டு. கடைசியாக எப்போது கறந்தது என்பதை வைத்துத்தான் ரோபோ மாட்டை உள்ளே விடும். அக்டோபர் இரவில் 2 மணியிலிருந்து 3 மணி வரையிலான நேரம் இரண்டு முறை வருகிறது. உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதி வைக்கும் பழைய மென்பொருளில் 2.40-க்குக் கறந்த மாடு 2.10-க்கு மறுபடி வந்து நிற்பதாகப் பதிவாகும். மணிக்கு எவ்வளவு சுரந்தது என்ற கணக்கும் அன்று ஒருநாள் கோணலாகிவிடும். உலகப் பொது நேரத்தில் எழுதி, திரையில் மட்டும் உள்ளூர் நேரம் காட்டும் மென்பொருளில் இந்தக் குழப்பம் வராது.

விவசாயி கேட்டு வந்ததா?

கோடை நேரம் விவசாயிகளுக்காகக் கொண்டு வரப்பட்டது என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படித்தவர்களே சொல்வார்கள். உண்மை நேர் எதிர். 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனிதான் முதலில் நாடு முழுவதும் கடிகாரத்தை முன்னே தள்ளியது. போர்க்காலத்தில் விளக்குச் செலவை மிச்சம் பிடிக்க. மூன்று வாரத்தில் பிரிட்டன் பின்தொடர்ந்தது. 1918-ல் அமெரிக்கா. போர் முடிந்த கையோடு அங்கே முதலில் கொதித்தெழுந்தவர்கள் விவசாயிகள். 1919-ல் அமெரிக்க காங்கிரஸ் கோடை நேரத்தை ரத்து செய்தபோது அதிபர் உட்ரோ வில்சன் தடுத்தார். அவர் தடையையும் மீறி ரத்து நிறைவேறியது. விவசாயிகளின் கை அவ்வளவு ஓங்கியிருந்த காலம் அது.

அவர்களுடைய வாதத்தில் மாட்டுக்கு ஓர் இடம் இருந்தது: நகரத்துக்குப் பால் ஏற்றிப்போகும் ரயில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறது, மாடு முன்னதாகத் தயாராவதில்லை. ஆனால் பெரிய வாதம் வைக்கோல்புல்லைப் பற்றியது. என் பார்வையில் இன்றைக்கும் அதுதான் வலுவான வாதம்.

அறுத்துப் போட்ட புல்லின் மேல் இரவெல்லாம் பனி இறங்குகிறது. அது காய்ந்த பிறகே புல்லைப் புரட்டவோ சுருட்டிக் கட்டவோ முடியும். பனி காய்வது சூரியனைப் பொறுத்தது. குளிர்கால நேரப்படி காலை 9 மணிக்குக் காய்கிற பனி, கோடை நேரப்படி 10 மணிக்குக் காயும். கூலிக்கு வந்தவர் 7 மணிக்கு வந்து மூன்று மணி நேரம் சும்மா நிற்கிறார். மாலை 5 மணிக்கு, புல் நன்றாகக் காய்ந்து கட்டுவதற்குத் தோதாக இருக்கும் வேளையில், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவசரப்பட்டு ஈரத்தோடு கட்டினால் என்ன ஆகும்? ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கட்டுக்குள் பூஞ்சை பிடித்துச் சூடேறும். அடுக்கி வைத்த களஞ்சியம் சில வாரம் கழித்துத் தானாகவே தீப்பற்றி எரிந்த கதைகள் ஆல்ப்ஸ் கிராமங்களில் நிறையவே உண்டு.

ஆல்கோயில் இது இன்னும் கூர்மையாகத் தைக்கிறது. எம்மென்டால் போன்ற கெட்டிப் பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுக்கும் பண்ணைகளில் மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் கொடுப்பதில்லை. அதிலிருந்து வரும் கிருமிகள் மாதக்கணக்கில் பதப்படும் கட்டியை உள்ளிருந்து உப்பவைத்துக் கெடுத்துவிடும். பச்சைப்புல், காய்ந்த புல் மட்டுமே தீவனம். புல் காய்வதும் கறவையும் ஒரே மாலைப்பொழுதில் மோதுகின்றன. கோடை நேரப்படி மாலை 5 மணி என்பது சூரியனுக்கு மூன்றே முக்கால்கூட ஆகாத நேரம். புல் கட்ட அதைவிட நல்ல வேளை இல்லை. அந்த நேரத்தில்தான் கறவை.

> நமக்கும் நேர்ந்தது
>
> இலங்கையில் 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி நேரம் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. வன்னியில் ஒரு மணி, கொழும்பில் ஒரு மணி. 'பழைய நேரமா, புதிய நேரமா?' என்று கேட்டுக்கொண்டே பத்தாண்டு ஓடியது. இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இதனால் பெரிய லாபமில்லை. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கெம்ப்டனில் அது ஏழு மணி நேரத்துக்கு மேல்.

குயின்ஸ்லாந்தின் கறார்

மாட்டைச் சொல்லி நேர மாற்றத்தை எதிர்ப்பது உலகம் முழுவதும் கேலிக்கு ஆளான விஷயம். அதிகம் கேலிபட்டது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. கோடை நேரம் வந்தால் சன்னல் திரை வெளுத்துவிடும், மாடு குழம்பிவிடும் என்று அந்த மாநிலத்துக்காரர்கள் சொல்வதாகத் தெற்கே இருப்பவர்கள் இன்றும் நக்கலடிப்பார்கள். மூன்று கோடைக் காலம் சோதித்துப் பார்த்துவிட்டு 1992 பிப்ரவரி 22 அன்று அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. 54.5 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். பிரிஸ்பேன் பக்கம் 'வேண்டும்', வடக்கும் மேற்கும் 'வேண்டாம்'.

திரை வெளுக்கும் என்பது நகைச்சுவைதான். மாட்டு வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அங்கே பாலுக்கு எதிரி வெயில். மாலைக் கறவைக்கு மேய்ச்சல் நிலத்திலிருந்து மாட்டை நடத்திக்கொண்டு வர வேண்டும். 3 மணிக்குத் தொடங்கும் கறவை கோடை நேரத்தில் சூரியக் கணக்குப்படி 2 மணிக்குப் போய்விடும். அதற்கு முன் உச்சிவெயிலில் நடை, பிறகு கூட்டமாகக் கூரையின் கீழ் காத்திருப்பு. வெயிலில் இளைக்கும் மாடு தீவனத்தைக் குறைக்கும், பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். லாரியும் ஆளும் அனுமதித்தால் கறவையை 4 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். அனுமதிப்பார்களா என்பது மாட்டின் கையில் இல்லை.

அந்த வாக்கெடுப்பின் பலனை இன்றும் எல்லையில் பார்க்கலாம். கூலங்கட்டா குயின்ஸ்லாந்தில், தெருவைத் தாண்டினால் ட்வீட் ஹெட்ஸ் நியூ சவுத் வேல்ஸில். கோடை முழுவதும் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி.

நின்றுபோன தீர்மானம்

ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு முடிவு வரும் போலத்தான் இருந்தது. 2018-ல் ஐரோப்பிய ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டது. 46 லட்சம் பேர் பதில் போட்டார்கள். அதில் பெரும்பகுதி ஜெர்மானியர்கள். 84 விழுக்காடு பேர் நேர மாற்றமே வேண்டாம் என்றார்கள். 2019 மார்ச் 26 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 410-க்கு 192 என்ற வாக்கில், 2021-லிருந்து நிறுத்திவிடலாம் என்று ஒப்புக்கொண்டது. அதன்பின் விஷயம் உறுப்பு நாடுகளின் அரசுகளிடம் போய் அங்கேயே படுத்துவிட்டது. நிறுத்துவதில் பெரிய சண்டை இல்லை. எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான்.

பால்காரர்களுக்கு இதில் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. பவேரியாவிலிருந்து பால் ஆல்ப்ஸைத் தாண்டி டேங்கர் டேங்கராக இத்தாலிக்குப் போகிறது. ஆல்கோயின் தெற்கு எல்லையில் ஆஸ்திரியா. இந்த மூன்று நாடும் மூன்று விதமாக முடிவெடுத்தால், ஆண்டுக்கு இரண்டு முறை வரும் தொல்லை தினமும் எல்லையில் வரும். கறவைக்கு மட்டும் என்றால் எந்த நேரமானாலும் சரி, ஒன்றில் நின்றால் போதும் என்பார்கள். புல் காயவைக்கிறவர் குளிர்கால நேரத்தையே கேட்பார். நகரத்துக்காரர்களுக்கோ நீண்ட மாலை வேண்டும்; அவர்கள் கேட்பது கோடை நேரம். அதை ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டால் டிசம்பரில் கெம்ப்டனில் சூரியன் உதிக்கும்போது மணி 9-ஐத் தாண்டியிருக்கும். காலைக் கறவை முடிந்து, கன்றுக்குப் பால் ஊட்டி, கொட்டகையைக் கழுவிவிட்டு, பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்ட பிறகும் பண்ணையில் ஒன்றரை மணி நேர இருட்டு மிச்சமிருக்கும். அந்த ஏற்பாட்டுக்கு ஆல்கோய்ப் பண்ணைக்காரரின் வாக்கைக் கேட்டு யாராவது போனால், கறவை முடியும் வரை வாசலில் காத்திருக்கத்தான் வேண்டும்.